குளிரில் போட்ட தளத்தை ஏழு நாளில் பிரித்தோம்

அந்தத் தளத்துக்குக் காங்கிரீட் போட்டது ஒரு வியாழக்கிழமை. அடுத்த வியாழக்கிழமை காலையில் முட்டுகளையெல்லாம் பிரித்துவிட்டோம். மேலே சுவர் எழுப்புவதற்காக அன்று மாலையே செங்கல் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கீழே அறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தேன். நடு அறையில், கம்பி ஓடும் திசைக்குக் குறுக்கே, பென்சிலால் இழுத்தது போல மூன்று கோடுகள் தெரிந்தன. பலகை இணைப்பின் தடம் என்றுதான் முதலில் நினைத்தேன். விரலால் தடவியபோது நகம் மாட்டியது. விரிசல்.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் முப்பது வருடமாக இந்த வேலையில் இருப்பவர். பார்த்துவிட்டு, "ஏழு நாள் ஆயிருச்சு தம்பி, எப்பவும் இதே கணக்குலதான் பிரிக்கிறோம், ஒண்ணும் ஆனதில்லையே" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நான்கரை மீட்டருக்கு உட்பட்ட அகலமுள்ள தளத்துக்கு ஏழு நாளில் முட்டு எடுக்கலாம் என்பது பொறியாளர்களும் ஏற்றுக்கொண்டிருக்கும் கணக்குதான். எங்கள் தளம் நான்கு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம், 125 மில்லிமீட்டர் கனம். கம்பி சரியாகவே கட்டியிருந்தது. கலவையிலும் குறை இல்லை. அந்த ஏழு நாளோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு நிபந்தனையைத்தான் நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாத நாட்களுக்கு, கலப்பில்லாத சாதாரண சிமென்டுக்குச் சொன்ன கணக்கு அது. எங்கள் வேலை நடந்தது உயரமான ஓர் இடத்தில், குளிர்காலத்தில். பகலில் 18 டிகிரி, இரவில் 8. சிமென்டும் சாம்பல் கலந்த சிமென்ட்.

இதை நான் விரிவாக எழுதக் காரணம், "எத்தனை நாள் விட வேண்டும்?" என்று கேட்கிற எல்லோருக்கும் ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்லும் பழக்கம்தான். காங்கிரீட்டுக்கு நாள் தெரியாது. அதற்குத் தெரிந்தது சூடும் ஈரமும்தான்.

காங்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமென்ட் தண்ணீரோடு வேதிவினை புரிந்து, மிக நுண்ணிய படிகங்களும் பசையுமாக வளர்ந்து, மணலையும் ஜல்லியையும் பிடித்துக்கொள்கிறது. அந்த வினைக்குத் தண்ணீர் வேண்டும், அதனால்தான் ஈரம் காக்கிறோம். பெரும்பாலான வேதிவினைகளைப் போல இதுவும் சூட்டில் வேகமாகவும் குளிரில் மெதுவாகவும் நடக்கும். தொட்டுப் பார்த்தால் மறுநாளே கல் போல இருக்கும். ஆனால் கைக்குக் கல்லாகத் தெரிவதற்கும் நான்கு மீட்டர் அகலத்துக்குத் தன்னைத் தானே தாங்குவதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது.

அந்தத் தூரத்தை எவ்வளவு கடந்திருக்கிறோம் என்று கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. எனக்கு அது தெரிந்தே இருந்தது. குளிர் நாட்டு வேலைகளுக்கானது என்று நினைத்துப் பயன்படுத்தாமல் விட்டிருந்தேன். ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையோடும் பத்தைக் கூட்டி, வருகிற எண்களைத் தினமும் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பத்தைக் கூட்டுவது ஏனென்றால், பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை போனால் வினை அடியோடு நின்றுவிடும் என்று வைத்து, அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம். எழுதிப் பார்த்தால் இவ்வளவுதான்:

```
M = Σ (T + 10) × Δt
```

T என்பது சராசரி வெப்பநிலை, Δt என்பது எத்தனை நாள். வெள்ளிக்கிழமை இரவு உட்கார்ந்து எங்கள் தளத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். மேஸ்திரியின் ஏழு நாள் அனுபவமெல்லாம் சராசரி 30 டிகிரி இருக்கும் இடங்களில் வந்தது. அங்கே ஒரு நாளைக்கு 40, ஏழு நாளைக்கு 280. எங்கள் இடத்தில் பகலும் இரவும் சேர்ந்த சராசரி 13. ஒரு நாளைக்கு 23தான், ஏழு நாளைக்கு 161. வெப்பமான இடத்தில் இந்த 161 நான்கே நாளில் வந்துவிடும். அதாவது அவருடைய பழக்கக் கணக்கில் பார்த்தால், நான்காம் நாள் தளத்தின் முட்டுகளைப் பிரித்திருக்கிறோம். 280 வர வேண்டுமானால் பன்னிரண்டு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

அதுவும் சாதாரண சிமென்டாக இருந்தால். நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமென்டில், சாம்பல் தன் பங்குக்கு உறுதி கொடுக்கத் தொடங்குவதே பின்னால்தான். முதலில் சிமென்ட் வினைபுரிந்து வெளிவிடும் சுண்ணாம்போடுதான் சாம்பல் சேர வேண்டும். இறுதியில் கிடைப்பது நல்ல காங்கிரீட், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் இரண்டு வாரம் மட்டும் அது பின்தங்கும், குளிரில் இன்னும் அதிகமாகப் பின்தங்கும்.

இனி எடைக்கு வருவோம். முட்டு எடுத்ததும் தளம் முதலில் தாங்குவது தன்னையே. கம்பியோடு சேர்ந்த காங்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 2500 கிலோ. 125 மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 312 கிலோ. குடியிருக்கும் அறையில் ஆட்களுக்கும் சாமான்களுக்குமாக வடிவமைப்பில் சேர்ப்பது வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோதான். தளத்துக்குத் தன் எடைதான் பெரிய சுமை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. "மேலே யாரும் ஏறவில்லை, வெறும் தளம்தானே, பிரிக்கலாம்" என்பார்கள். அந்த வெறும் தளமே முழுச் சுமையில் பாதிக்கு மேல்.

அதன் மேல் எங்கள் செங்கல். அறுநூறு கல், ஒவ்வொன்றும் மூன்று கிலோ, மொத்தம் 1800 கிலோ. பரப்பி வைத்திருந்தாலாவது பரவாயில்லை. எடுக்க வசதியாக நடு அறைக்கு மேலே, இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடத்தில் அடுக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு 900 கிலோ. வளர்ந்து முடிந்த தளத்துக்கே வடிவமைப்பில் சேர்க்கும் அந்த 200 கிலோவைப் போல நான்கரை மடங்கு. எங்களுடையது பாதி வளர்ந்த தளம்.

வெள்ளிக்கிழமை மதியம் விரிசலைப் பார்த்ததும் செய்தது, கல்லை இறக்கியது. ஓரத்திலிருந்து அல்ல, குவியலின் உச்சியிலிருந்து, இரண்டு இரண்டு பேராக, தூக்கிப் போடாமல் கைமாற்றி இறக்கினோம். இறக்கும்போது யாரும் கீழே அறைக்குள் நிற்கவில்லை. கல்லை இறக்குவதற்கு முன்பே நூல் பிடித்து அளந்திருந்தேன். எதிரெதிர்ச் சுவரோரம் தளத்தின் அடியில் 25 மில்லிமீட்டர் கட்டை ஒவ்வொன்று வைத்து, நைலான் நூலை விண்ணென்று இழுத்துக் கட்டினால், நடுவிலும் நூலுக்கும் தளத்துக்கும் 25 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஏழுதான் இருந்தது. பதினெட்டு மில்லிமீட்டர் தொய்வு. நான்கு மீட்டருக்கு மொத்தத் தொய்வாக ஏற்பது வழக்கமாக அகலத்தில் 250ல் ஒரு பங்கு, அதாவது 16 மில்லிமீட்டர். அதுவும் பல வருடக் கணக்கில் மெல்ல மெல்லச் சேரும் தொய்வையும் உள்ளடக்கியது. நாங்கள் ஒரே நாளில் தாண்டிவிட்டோம்.

கல் இறக்கிய பிறகு 13 மில்லிமீட்டரில் நின்றது. ஐந்துதான் திரும்பி மேலே வந்தது. அந்தப் பதின்மூன்றில் எவ்வளவு பலகையிலேயே இருந்த பள்ளம், எவ்வளவு உண்மையான தொய்வு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் முட்டு எடுக்கும் முன்னால் நூல் பிடித்துப் பார்க்கவில்லை. ஐந்து நிமிட வேலை அது. அன்றிலிருந்து முதல் முட்டில் கை வைப்பதற்கு முன் நூல் கட்டாமல் இருப்பதில்லை.

இளம் காங்கிரீட்டில் சுமை ஏற்றினால் வரும் தொய்வு மீளாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. அழுத்தத்தின் கீழ் காங்கிரீட் மெல்ல மெல்லக் குறுகிக்கொண்டே போகும். வளர்ந்த காங்கிரீட்டில் இது கொஞ்சமாக நடக்கும், இளசில் அதிகமாக நடக்கும், சுமையை எடுத்தாலும் பெரும்பகுதி திரும்பாது. அதனால் "விழவில்லையே" என்பது போதாது. முட்டு அவசரமாக எடுத்த பல தளங்கள் விழுவதில்லை. வருடக்கணக்கில் தொய்ந்தே நிற்கும். மேலே பதித்த ஓடுகள் இணைப்பில் பிளக்கும், கீழே கதவு நிலை இறுகும். அப்போது யாரும் முட்டு எடுத்த நாளை நினைத்துப் பார்ப்பதில்லை.

அப்புறம் மறுபடி முட்டுக் கொடுத்தோம். இங்கேதான் மேஸ்திரிக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம் ஆனது. ஜாக்கியைத் திருகி, தொய்ந்ததை மேலே தள்ளிவிடலாம் என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். இரண்டு பக்கச் சுவரில் உட்காரும் தளத்துக்கு நடுவில் கம்பி கீழ்ப்பக்கம்தான் இருக்கும், ஏனென்றால் இழுவிசை வருவது அங்கேதான். நடுவில் ஜாக்கியால் மேலே தள்ளினால் இழுவிசை மேல்பக்கம் வரும். அங்கே கம்பி கிடையாது, புதிதாக ஒரு விரிசல் மேலே போகும். முட்டு தளத்தைத் தொட்டு, கையால் இறுக்கிய அளவில் நின்றால் போதும். இனிமேல் தொய்யாமல் காப்பது மட்டும்தான் அதன் வேலை. யோசித்துவிட்டு, "சரி, நீங்க சொல்றதும் நியாயம்தான்" என்று அவரே ஆளை ஏற்றி, ஒவ்வொரு முட்டையும் கையால் இறுக்க வைத்தார். வடிவமைத்த பொறியாளரும் வந்து பார்த்தார். விரிசல் மெல்லியதுதான், கம்பி முழுதாக இருக்கிறது, 28 நாள் முட்டோடு விட்டு, ஈரம் காத்து, அதன் பிறகு சுமை வைத்துச் சோதிக்கலாம் என்றார். அப்படியே செய்தோம். தளம் தேறியது. அந்தத் தொய்வு மட்டும் இன்றும் இருக்கிறது. அடியில் பூச்சைக் கனமாக்கி மறைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னபோது மறுத்துவிட்டேன். தேவையில்லாத எடை, என்றைக்காவது தலையில் விழும்.

எங்களை ஏமாற்றியது இன்னொன்றும் உண்டு. சோதனைக் கட்டிகள். காங்கிரீட் போட்ட அன்றே 150 மில்லிமீட்டர் கட்டிகள் ஆறு எடுத்திருந்தோம். மூன்று சோதனைக்கூடத்துக்குப் போயின. அங்கே இதமான வெப்பத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து ஏழாம் நாள் உடைத்ததில், சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன் தாங்கின. 28 நாளில் 20 தாங்க வேண்டிய கலவைக்கு ஏழாம் நாளில் 14 நல்ல எண். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் முட்டு எடுக்கச் சம்மதித்தேன். ஆனால் தொட்டிக் கட்டி சொல்வது சிமென்டும் கலவையும் சரியா என்பதை. தளம் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது, ஏனென்றால் தளம் தொட்டிக்குள் படுத்திருக்கவில்லை, பனியில் கிடந்தது. மீதி மூன்று கட்டிகள் தளத்தின் மேலேயே மூலையில், அதே ஈரச் சாக்குக்கு அடியில் கிடந்தன. விரிசலைப் பார்த்த மறுநாள் அவற்றைக் கொண்டுபோய் உடைத்தோம். ஒன்பது நியூட்டன். பிரிப்பதற்கு முந்தைய நாள் அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

குளிரைப் பற்றி ஒன்று மட்டும் சேர்த்துவிடுகிறேன். உறையும் அளவுக்குக் குளிரும் இடமாக இருந்தால் கணக்கே வேறு. தண்ணீர் உறையும்போது ஒன்பது விழுக்காடு பெருக்கும். காங்கிரீட் ஏறக்குறைய 3.5 நியூட்டன் உறுதியை எட்டும் முன் உள்ளே தண்ணீர் உறைந்தால், பசை உள்ளேயே பிளந்துவிடும். பிறகு எத்தனை நாள் காத்திருந்தாலும் முழு உறுதி வராது. முதல் இரண்டு மூன்று இரவுகள் போர்த்திக் காப்பாற்றுவது அங்கே ஈரத்தைவிட அவசரம். ஏதோ ஒரு விடியலில் தளத்தில் வெண்மையான பனிப் பூ வடிவம் பதிந்து, சுரண்டினால் மேல்தோல் செதிலாக வந்தால், உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ வெயில் காலத்தில் கவலையில்லை, சீக்கிரம் பிரிக்கலாம்" என்று நினைத்தால் அதுவும் தவறு. சூட்டில் கூட்டுத்தொகை வேகமாக ஏறும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூட்டல் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: உள்ளே தண்ணீர் இருக்கிறது என்ற நம்பிக்கை. காங்கிரீட்டின் நுண்துளைகளில் ஈரப்பதம் ஏறக்குறைய 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் வினை ஏறத்தாழ நின்றுவிடும். அதற்கு மேல் வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே போனால் காகிதத்தில்தான் உறுதி ஏறும்.

சில வருடம் முன்பு 38 டிகிரியில், காற்று வீசும் ஒரு மதியத்தில் தளம் போட்டோம். மட்டப்பலகை இழுத்து முடித்த ஒரு மணி நேரத்துக்குள் மேல்பரப்பின் மினுமினுப்பு போய்விட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்கொன்று இணையாக, சாய்வாக, முழ நீள விரிசல்கள். மேல்பரப்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ தண்ணீர் ஆவியானால் இந்த ஆபத்து உண்டு. இருபது சதுர மீட்டர் தளத்துக்கு மணிக்கு இருபது லிட்டர், ஒரு பெரிய குடம் நிறைய. வெயில் மட்டும் இதைச் செய்வதில்லை. காற்றும், ஈரமில்லாத வறட்சியும், காங்கிரீட்டின் சொந்தச் சூடும் சேர்ந்துதான் உறிஞ்சுகின்றன. மேகமூட்டமாக இருக்கிறதே என்று நம்பி, காற்றடிக்கும் நாளில் ஏமாந்தவர்கள் உண்டு. இறுகுவதற்கு முன் பார்த்துவிட்டதால், மரப் பலகையால் அழுத்தித் தேய்த்து விரிசலை மூட முடிந்தது. உடனே பாலித்தீன் தாள் போர்த்தினோம்.

உண்மையான தவறு பிறகுதான் நடந்தது. மூன்றாம் நாளே தளம் கணீரென்று ஒலித்தது. "கல்லாயிருச்சு, இன்னும் எதுக்குத் தண்ணி" என்று ஒரு பக்கத்தில் பாத்தியை உடைத்துவிட்டு, அங்கே கம்பிகளைக் குவித்தார்கள். மற்றப் பாதியில் பாத்தி கட்டிய தண்ணீர் பத்து நாள் நின்றது. பத்தாம் நாள் இரண்டு இடத்திலும் ஆணியால் ஒரே அழுத்தத்தில் கீறிப் பார்த்தேன். தண்ணீர் நின்ற பக்கம் மெல்லிய பளபளப்பான கோடு விழுந்தது, தூள் இல்லை. காய்ந்த பக்கம் ஆணி உழுதுகொண்டு போனது, கோட்டின் இரு கரையிலும் வெண்தூள். தளத்தின் நடுப்பகுதியில் அழுத்தத்தைத் தாங்குவது மேல்பரப்புதான். காய்ந்து போவதும் அதே மேல்பரப்புதான். மேலே கொஞ்சம் தூளாக இருந்தால் என்ன என்று விட முடியாததற்கு அதுதான் காரணம். நாங்கள் மறுபடி தண்ணீர் கட்டினோம். கொஞ்சம் மீண்டது, ஆனால் விட்ட இடத்திலிருந்து முழுதாகத் தொடரவில்லை.

சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது ஏழு நாள், கலப்பு சிமென்டுக்கோ வறண்ட வெயிலுக்கோ பத்து நாளாவது ஈரம் விடாமல் இருக்க வேண்டும். நான் பதினான்கு நாள் வைக்கிறேன். காலையும் மாலையும் குழாயால் அடித்துவிட்டுப் போவது ஈரம் காப்பது ஆகாது. நடுவில் காய்ந்து, நனைந்து, காய்ந்து என்று போவது விரிசலுக்கு வழி. இன்னொன்று, சூட்டில் பிறந்த காங்கிரீட் முதல் வாரம் ஓடினாலும் 28ஆம் நாளில், இதமான வெப்பத்தில் வளர்ந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே நிற்கும். வேகமாக வளர்ந்த பசை நெருக்கமாக அடுக்கப்படுவதில்லை. ஆகவே வெயிலில் கூட்டுத்தொகை 280 ஆறே நாளில் வந்தாலும் நான் ஏழுக்கு முன் முட்டைத் தொடுவதில்லை. கூட்டல் கணக்கைக் குளிரில் நாளைக் கூட்டப் பயன்படுத்துகிறேன், வெயிலில் நாளைக் குறைக்கப் பயன்படுத்துவதில்லை.

பூச்சைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள், எத்தனை நாளில் அலமாரி மாட்டலாம் என்று. பூச்சு எடை தாங்காது. 12, 15 மில்லிமீட்டர் தோல் அது. அதன் பின்னால் உள்ள கல்தான் தாங்குகிறது. ஐந்து நாள் பூச்சில் முப்பது மில்லிமீட்டர் பிளக்கை அடித்து ஒருவர் அலமாரி மாட்டினார். பிளக்கில் பாதி பூச்சுக்குள்ளேயே நின்றது. இரண்டாம் நாள் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சோடு பெயர்ந்து வந்தது. பூச்சைக் கழித்துவிட்டு, கல்லுக்குள் எவ்வளவு போகிறது என்று பார்த்துத்தான் நீளம் எடுக்க வேண்டும். சிமென்ட் பூச்சானால் ஒரு வாரம் நனைத்து, இன்னொரு வாரம் விட்டுத் துளை போட்டால், துளையைச் சுற்றிப் பெயராது. சிறு சுத்தியால் தட்டிப் பாருங்கள், டொக்கு டொக்கென்று உள்ளீடற்ற ஒலி வந்தால் எத்தனை மாதம் ஆனாலும் அது சுவரைப் பிடிக்கவில்லை.

ஜிப்சம் பூச்சு நேர் எதிர். அரை மணியில் இறுகிவிடும், ஆனால் அதற்குப் பிறகு அது உலர வேண்டும். ஈரமாக இருக்கும்போது அதன் உறுதி உலர்ந்த நிலையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதற்குத் தண்ணீர் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், சிமென்ட் பழக்கம். மழைக்காலத்தில் சிமென்ட் பூச்சு சுகமாக வளரும், ஜிப்சம் பூச்சு வாரக்கணக்கில் நசநசவென்று கிடக்கும். சுவர் முழுதும் ஒரே வெளிர் நிறத்துக்கு வந்து, தொட்டால் குளிர்ச்சி தெரியாமல் இருந்தால்தான் அது தயார். திட்டுத் திட்டாக நிறம் அடர்ந்திருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருங்கள்.

அந்தக் குளிர் வேலைக்குத் திரும்புகிறேன். ஒன்றரை மாதம் கழித்து அதே வீட்டின் மாடித் தளம் போட்டோம். இந்த முறை சதுர மீட்டருக்கு 312 கிலோ ஈரக் காங்கிரீட்டும், பலகையும், ஆட்களும் முட்டுகள் வழியாகக் கீழ்த் தளத்தின் மேல் இறங்கும். அது 200 கிலோவுக்கு வடிவமைத்தது. அதனால் கீழ் அறையிலும் முட்டுக் கொடுத்தோம். மேல் முட்டுக்கு நேர் கீழே கீழ் முட்டு நிற்கும்படி, மேலே சுண்ணாம்புக் குறி போட்டு வைத்தோம். தள்ளி நின்றால் இரண்டுக்கும் நடுவில் தளம்தான் சுமையை வாங்கும்.

அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டும் வெப்பமானி ஒன்றைச் சாக்குக்கு அடியில் வைத்தேன். காற்றின் வெப்பத்தைவிடக் காங்கிரீட்டின் வெப்பம்தான் முக்கியம். தினமும் காலையில் மேஸ்திரியே பார்த்து நோட்டில் எழுதினார். சராசரி 11 ஓடியது. ஒரு நாளைக்கு 21. கலப்பு சிமென்ட் என்பதால் 280 போதாது, 400 வரட்டும் என்று பொறியாளர் சொல்லியிருந்தார். பத்தொன்பதாம் நாள் 399 வந்தது. பதினெட்டாம் நாளே, தளத்தோடு கிடந்த கட்டிகளை உடைத்ததில் 14.5 நியூட்டன்.

இருபதாம் நாள் காலை நூல் கட்டிவிட்டுப் பிரிக்கத் தொடங்கினோம். நடு வரிசையில் ஒவ்வொரு ஜாக்கியையும் கால் திருகு தளர்த்தி, பிறகு அடுத்த வரிசை, அடுத்தது என்று சுவர் வரை. மறுபடி நடுவிலிருந்து இன்னொரு சுற்று. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உருவினால் சுமை திடீரென்று இறங்கும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடு முட்டு மட்டும் தனியாகத் தளத்தைக் குத்திக்கொண்டு நிற்கும். பால்கனிப் பகுதியில் இதற்கு மாறாக, வெளி விளிம்பிலிருந்து சுவரை நோக்கி வந்தோம், ஏனென்றால் தொங்கும் தளத்தில் விளிம்புதான் அதிகமாக இறங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் பத்து நிமிடம் நின்று, மேஸ்திரி நூலுக்கு அருகில் அளவுகோலைப் பிடித்துப் படித்தார். தொடக்கத்தில் 25. முதல் சுற்றில் 25. மூன்றாவது சுற்றில் முட்டுகள் எல்லாம் கையால் ஆட்டினால் ஆடின, தளம் தன் காலில் நின்றது. அளவுகோலை இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு, "இருபத்திமூணு" என்றார். செங்கல்லை அதன் பிறகும் எட்டு நாள் கழித்துத்தான் ஏற்றினோம், சுவரோரமாக, ஐந்து வரிசைக்கு மேல் அடுக்காமல்.